மூலையால் நுழைந்தவள்

திங்கட்கிழமை காலை அருந்ததி அலுவலகத்துக்கு வந்தபோது பாலன் கதிரையில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். கிளிநொச்சியில் கண்டி வீதியோரம், டயர்க்கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகள்தான் அவர்களுடைய அலுவலகம். பாலன், அருந்ததி, யோசெப் என்று மூன்றே பேர். அந்த மூவரும் ஒன்றரை வருடமாகச் செய்து முடித்த கணினி விளையாட்டுக்குக் 'களஞ்சியம்' என்று பெயர். முந்தைய நாள் அதன் முதல் போட்டியின் இறுதி ஆட்டம் நடந்திருந்தது.

"இதைப் பாருங்கோ," என்று பாலன் தன் திரையைத் திருப்பினார்.

களஞ்சியம் சதுரக் கட்டங்களாலான பலகையில் ஆடுவது. ஒவ்வொருவருக்கும் மூன்றுக்கு மூன்று கட்டத்தில் ஒரு களஞ்சியம். அதைக் காக்க இருபது செங்கல். எதிராளி தன் சுமைகாரரை அனுப்பி அந்தக் களஞ்சியத்தில் இருக்கிற நெல்லைத் தூக்க வேண்டும். எங்கே போக வேண்டுமென்று ஆடுபவர் ஒரு கட்டத்தைத் தொட்டால் போதும், வழியைக் கணினியே கண்டுபிடிக்கும். சுற்றிவர அடைத்துவிட்டால் களஞ்சியத்தின் மேல் ஒரு பூட்டுச் சின்னம் விழும். பூட்டு விழுந்த களஞ்சியத்துக்குள் போக விரும்புகிறவர் ஒரு கல்லை உடைக்க வேண்டும். அதற்கு, தான் ஆடும் முறைகளில் மூன்றை அவர் செலவிட வேண்டும்.

திரையில் உருத்திரபுரத்துக் கணித ஆசிரியர் பரமலிங்கத்தின் களஞ்சியத்தில் பூட்டு விழுந்திருந்தது. எதிராளியான முல்லைத்தீவுக் கிறேஸ் கல் உடைக்கவில்லை. பூட்டின் மேலேயே நேரடியாகத் தொட்டாள். சுமைகாரன் நடந்தான். இரண்டு செங்கல் மூலைக்கு மூலை முட்டிக்கொண்டு நின்ற இடத்தில், அந்த முட்டுக்கு நடுவால், காற்றுப் போல உள்ளே போனான்.

"சுவருக்குள்ளால போறான்," என்றாள் அருந்ததி.

"மூன்று தரம் போயிருக்கிறான். பரமலிங்கம் மாஸ்டர் ராத்திரியே கடிதம் போட்டிட்டார், கள்ள ஆட்டம் எண்டு. நான் எங்கட இணையப் பக்கத்தில அறிவித்தல் போட்டிட்டன். கிறேஸ் விலக்கப்பட்டிருக்கிறா."

"விசாரிக்காமலோ, அண்ணை?"

"இதில விசாரிக்க என்ன கிடக்கு? கண்ணால பார்த்தது தானே."

அருந்ததிக்கு வேறொன்று உறைத்திருந்தது. வழி கண்டுபிடிக்கும் வேலை ஆடுபவரின் கணினியில் நடப்பதில்லை. அது முழுக்க இவர்களுடைய மையக் கணினியான சேர்வரில் நடக்கிறது. கிறேஸ் தன் கணினியில் என்ன தில்லுமுல்லு செய்தாலும் சுமைகாரனின் காலை ஒரு கட்டம்கூட நகர்த்த முடியாது. ஆகவே கை வைத்தவர் உள்ளே இருக்க வேண்டும். அல்லது உள்ளே இருக்கிற யாரோ அவளுக்கு ஒரு ஓட்டையைக் காட்டிக் கொடுத்திருக்க வேண்டும்.

பாலன் கணினிக் கோட் எழுதுகிறவர் அல்ல. அவர் ஆடுவதற்கு ஆட்களைப் பிடிப்பார், போட்டி நடத்துவார். மிஞ்சியது அவளும் யோசெப்பும்.

யோசெப் ஒன்பதரைக்கு வந்தான். பையைக் கழற்றி வைத்துவிட்டு யன்னலைத் திறந்தான். பாலன் விஷயத்தைச் சொன்னபோது அவன் முகம் மாறியதை அருந்ததி கவனித்தாள். அது ஆச்சரியப்பட்ட முகமாக அவளுக்குப் படவில்லை.

"யோசெப், உமக்கு அந்தப் பிள்ளையைத் தெரியுமோ? உம்மட ஊர்தானே?"

"முல்லைத்தீவில எத்தனை கிறேஸ் இருக்கினம், அக்கா," என்றான் அவன். தெரியும் என்றும் சொல்லவில்லை, தெரியாது என்றும் சொல்லவில்லை. திரும்பித் தன் திரையைப் பார்த்தான்.

அன்று முழுவதும் அவளால் தன் வேலையைச் செய்ய முடியவில்லை. யோசெப்பின் விரல்கள் தட்டச்சில் ஓடும் ஒவ்வொரு முறையும் எதையாவது அழிக்கிறானோ என்று காது கொடுத்தாள். அவன் தேநீர் குடிக்கக் கீழே போனதும் சேர்வரின் பதிவுகளைத் திறந்தாள். யார் எந்தக் கோப்பை எப்போது திறந்தார்கள் என்பது அங்கே வரிவரியாக இருக்கும். இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை, வழிதேடும் கோப்பை யோசெப் திறந்திருந்தான். அது அருந்ததி எழுதியது, அவனுக்கு அதில் வேலை கிடையாது. அதே நாள் கிறேஸ் கணினியோடு ஆடிய பயிற்சி ஆட்டமொன்றின் பதிவையும் இறக்கியிருந்தான்.

முல்லைத்தீவில் எத்தனை கிறேஸ் இருந்தாலும், அவன் இறக்கிப் பார்த்தது இந்தக் கிறேஸின் ஆட்டத்தைத்தான்.

செவ்வாய்க்கிழமை அவள் போட்டியில் கிறேஸ் ஆடிய பதினொரு ஆட்டத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டுப் பார்த்தாள். கிறேஸ் எப்படித் தாக்கினாள் என்பதை விட எப்படிக் காத்தாள் என்பதுதான் அவளை உலுப்பியது. மூன்றுக்கு மூன்று களஞ்சியத்தைச் சுற்றி அடைக்கப் பன்னிரண்டு கல் போதும். ஒரு பக்கத்துக்கு மூன்று என்று நாலு பக்கத்துக்கும் வைத்தால் பூட்டு விழுந்துவிடும். நாலு மூலையும் வெறுமையாக இருக்கும். பக்கத்துச் சுவர்கள் அங்கே நுனியோடு நுனி முட்டிக்கொள்ளும். எல்லோரும் அப்படித்தான் கட்டினார்கள். மிச்ச எட்டுக் கல்லை வழிமறிக்க வைத்துக்கொண்டார்கள். கிறேஸ் மட்டும் பதினொரு ஆட்டத்திலும் பதினாறு கல் வைத்திருந்தாள். நாலு மூலைக்கும் நாலு கல். வீண் கல் என்று பார்ப்பவர் நினைப்பார்கள்.

மூலையால் ஆள் நுழையும் என்று தெரிந்தவள் மட்டுமே அப்படிச் செய்வாள்.

புதன்கிழமை காலை, சுகமில்லை என்று பாலனுக்குச் செய்தி அனுப்பிவிட்டு அவள் முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறினாள். பரந்தனில் திரும்பி முரசுமோட்டையைத் தாண்டும்போது வயலுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. அவள் வெளியே பார்த்தாலும் மனம் கேள்விகளை அடுக்கிக்கொண்டிருந்தது. யோசெப் உனக்கு எப்போது சொன்னான்? என்ன சொன்னான்? வாயால் சொன்னானா, எழுதினானா? எழுதியிருந்தால் அதை ஒரு படம் பிடித்துக்கொள்ள வேண்டும். பாலனிடம் காட்ட ஏதாவது கையில் வேண்டும்.

போட்டிக்குக் கொடுத்திருந்த முகவரிப்படி, பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த போட்டோப்பிரதிக் கடையில் கிறேஸ் வேலை செய்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். கறுத்து மெலிந்த பெண். அடையாள அட்டையைப் பிரதி எடுக்க வந்த ஒரு கிழவரை அனுப்பிவிட்டு நிமிர்ந்தாள்.

"நான் கிளிநொச்சியிலயிருந்து வாறன். களஞ்சியம் செய்தது நாங்கள்தான்."

கிறேஸின் முகம் இறுகியது. "கள்ளி எண்டு போட்டிட்டியள். இனி என்ன, பார்க்க வந்தனீங்களோ?"

"ஒண்டு கேக்க வந்தனான். மூலையால போகலாம் எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

"ஆரும் சொல்லேல்லை."

"யோசெப்பைத் தெரியுமோ?"

"தெரியும். என்ர மாமியின்ர மூத்த மருமகன்ர தம்பி. திருநாளுக்குக் கோயிலுக்கு வந்தா கதைப்பம். அவருக்கும் இதுக்கும் என்ன?"

சொந்தக்காரன். அருந்ததியின் நெஞ்சில் ஒரு கதவு சாத்திக்கொண்டது போல இருந்தது. "அவர் சொல்லாமல், ஒவ்வொரு ஆட்டத்திலயும் மூலைக்குக் கல்லு வைக்க உமக்கு எப்பிடித் தெரியும்? பூட்டு விழுந்த இடத்தில தொட எப்பிடித் தெரியும்?"

கிறேஸ் சிரித்தாள். அது சந்தோஷச் சிரிப்பில்லை.

"அக்கா, நான் முதல்ல கணினியோடதானே ஆடிப் பழகினனான். கணினி பூட்டைப் பார்க்கிறேல்லை. அது பாட்டுக்கு ஆளை அனுப்பும். எனக்குப் பூட்டு விழுந்திட்டுது எண்டு நான் நிம்மதியா இருக்க, அது மூலையால வந்து நெல்லைத் தூக்கிக்கொண்டு போட்டுது. பிழையா இருக்கு எண்டு உங்களுக்கு எழுதிப் போட்டனான். படமும் வைச்சு."

"எழுதினனீரோ? எப்ப?"

"ரெண்டு மாசம். மறுமொழியும் வந்தது."

கிறேஸ் தொலைபேசியை எடுத்துத் தேடி நீட்டினாள். மேலே அவள் எழுதியது இருந்தது: 'பூட்டுப் போட்ட பிறகும் மூலையால் ஆள் உள்ளே வருகிறார். தயவுசெய்து பார்க்கவும்.' அதற்குக் கீழே களஞ்சியத்தின் பெயரில் வந்த மறுமொழி: 'சோதித்தோம். பூட்டுச் சின்னம் திரையில் முந்தி விழுவதால் அப்படித் தெரிகிறது. வழி சரி. பிழை இல்லை.'

அந்தச் சொற்களை அருந்ததி இன்னொரு முறை படிக்க வேண்டியிருக்கவில்லை. 'வழி சரி' என்று எழுதுவது அவள் பழக்கம். வேலைப்பட்டியலில் ஒரு முறைப்பாட்டை முடிந்ததென்று மூடும்போது அவள் போடும் வரியே எழுதியவருக்கு மறுமொழியாகப் போகும்.

"வழி சரி எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்," என்றாள் கிறேஸ். "அப்ப அதுதான் ஆட்டத்தின்ர சட்டம் எண்டு நினைச்சன். சட்டப்படி ஆடினன். அதுக்குத்தான் கள்ளி எண்டு ஊர் முழுக்கப் போட்டிருக்கிறியள். எங்கட அம்மா ரெண்டு நாளாக் கடைக்குப் போகேல்லை, தெரியுமோ?"

அருந்ததி எதையோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இரண்டு பள்ளிக்கூட ஆசிரியைகள் வினாத்தாள் கட்டோடு உள்ளே வந்தார்கள். கிறேஸ் இயந்திரத்தின் மூடியைத் தூக்கினாள். அருந்ததி வெளியே வெயிலுக்குள் இறங்கி நின்றாள். படம் பிடிக்கவென்று எடுத்த தொலைபேசி இன்னும் கையிலேயே இருந்தது.

திரும்பும் பஸ்ஸிலேயே மடிக்கணினியை மடியில் வைத்து வேலைப்பட்டியலைத் திறந்தாள். முறைப்பாட்டைப் பட்டியலில் ஏற்றியவன் யோசெப். கோப்பையும் ஆட்டப் பதிவையும் அவன் திறந்தது அதற்காகத்தான். கீழே ஒரு குறிப்பும் எழுதியிருந்தான்: 'அயல் கட்ட விதியை ஒருக்கால் பார்க்கவும், அக்கா. எனக்கு ஐமிச்சமாக இருக்கிறது, பிழை இருக்கலாம்.' அதன் கீழே, நாற்பது நிமிடம் கழித்து, அருந்ததி மூடியிருந்தாள். தான் அன்று என்ன சோதித்தாள் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் சோதித்ததாக நினைவில்லை. தான் எழுதிய நிரலில் பிழை இருக்காதென்று நினைத்திருந்தாள், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே அலுவலகம் வந்து அந்தக் கோப்பைத் திறந்தாள்.

வழிதேடுவது ஏ-ஸ்டார் முறை. ஒவ்வொரு கட்டத்துக்கும் இதுவரை நடந்த தூரத்தையும், இனி மிச்சமாக எவ்வளவு இருக்கக்கூடும் என்ற மதிப்பீட்டையும் கூட்டி, கூட்டுத்தொகை குறைந்த கட்டத்தை முதலில் எடுத்து, அதன் அயல் கட்டங்களைப் பார்த்துக்கொண்டே போகும். நேராக ஒரு அடிக்குப் பத்து, சாய்வாக ஒரு அடிக்குப் பதினாலு. அந்தக் கணக்கெல்லாம் சரி. அயல் கட்டங்களைப் பொறுக்கும் இடத்தில்தான் கேடு. சுற்றியுள்ள எட்டுக் கட்டத்தையும் எடுத்து, அந்தக் கட்டத்தில் கல் இருக்கிறதா என்று மட்டும் அவள் கேட்டிருந்தாள். சாய்வாகப் போகும்போது இரு பக்கத்திலும் தோளை உரசுகிற இரண்டு கட்டங்களை அவள் கேட்கவேயில்லை. இரண்டிலும் கல் இருந்தாலும் போய்ச்சேரும் கட்டம் வெறுமை என்றால், கணினிக்கு அது வழி.

பூட்டுச் சின்னத்தை வைப்பது வேறொரு சின்ன நிரல். அது களஞ்சியத்திலிருந்து மேல், கீழ், இடம், வலம் என்று நாலு பக்கமும் மட்டும் பரவிப் பார்த்து, வெளியே வர முடியாவிட்டால் பூட்டைப் போடும். அதையும் அவள்தான் எழுதியிருந்தாள். ஒரே பலகையைப் பற்றி அவள் எழுதிய இரண்டு நிரல்கள் இரண்டு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தன. மற்ற ஆட்டக்காரர்கள் பூட்டை நம்பிக் கல்லை உடைத்தார்கள். கிறேஸ் நம்பவில்லை.

யோசெப் வந்ததும் அவள் தன் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"யோசெப், நான் உம்மட பதிவுகளைத் திறந்து பார்த்தனான். திங்கட்கிழமை. நீர்தான் கிறேஸுக்குச் சொல்லிக் குடுத்தனீர் எண்டு நினைச்சன். நேற்றுச் சுகமில்லை எண்டது பொய். முல்லைத்தீவுக்குப் போனனான்."

அவன் பையைக் கழற்றாமலே நின்றான்.

"தெரியும்," என்றான். "கிறேஸ் போன் எடுத்துச் சொன்னவா."

"நீர் ஏன் திங்கட்கிழமை வாய் திறக்கேல்லை? அந்தக் குறிப்பைக் காட்டியிருக்கலாமே?"

"சொந்தக்காரி எண்டு சொன்னா உடன என்ன நினைப்பியள் எண்டு எனக்குத் தெரியும். சொல்லாமலே அதைத்தானே நினைச்சியள்." பையைத் தோளில் சரிசெய்தபடி, "உங்கட நிரலைப் பற்றி ஒருக்காச் சொல்லிப் பார்த்தன். நாற்பது நிமிசத்தில மூடிட்டியள். ரெண்டாம் தரம் ஏன் சொல்லப் போறன்?" என்றான்.

"இருந்து பாரும். நான் திருத்திறதை நீர் சரி பார்க்க வேணும். தனியச் செய்ய எனக்குப் பயமா இருக்கு," என்றாள்.

அவன் பையை வைத்துவிட்டு, கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டான். கொஞ்சம் தள்ளித்தான்.

அவள் முதலில் எழுதிய விதி: இரண்டு தோள் பக்கத்திலும் கல் இருந்தால் சாய்வாகப் போகக்கூடாது. பரமலிங்கத்தின் ஆட்டத்தை அதே நிலையில் வைத்து ஓடவிட்டாள். சுமைகாரன் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. வழியில்லை என்று வந்தது. அவள் மூச்சை விட்டாள்.

"பொறுங்கோ," என்றான் யோசெப். அவன் ஒரே ஒரு கல்லைப் பலகையின் நடுவில் வைத்து, அதற்குக் கீழ்க் கட்டத்திலிருந்து வலப்பக்கக் கட்டத்துக்கு ஆளை அனுப்பினான். சுமைகாரன் சாய்வாக நடந்தபோது அவன் தோளும் மூட்டையும் கல்லின் மூலைக்குள்ளால் போய் வந்தன. "இதையும் ஆரும் படம் பிடிச்சு அனுப்புவினம். சுவருக்குள்ளால போறான் எண்டு."

"ஒரு பக்கம் திறந்தாப் போதும் எண்டு விட்டது பிழை."

"ஓம். ரெண்டு பக்கமும் திறந்திருந்தாத்தான் சாய்வு."

அவள் நிபந்தனையை மாற்றினாள். போய்ச்சேரும் கட்டமும் வெறுமையாக இருக்க வேண்டும், இரண்டு தோள் கட்டங்களும் வெறுமையாக இருக்க வேண்டும். இப்போது சுமைகாரன் கல்லைச் சுற்றி, நேராக ஒரு அடி, திரும்பி ஒரு அடி என்று போனான். பதினாலு செலவான இடத்தில் இருபது செலவானது.

"மதிப்பீட்டை மாத்த வேணுமோ?" என்று யோசெப் கேட்டான்.

"வேண்டாம். விதி இறுகினதால உண்மைத் தூரம் கூடத்தான் செய்யும், குறையாது. மதிப்பீடு அதை மீறாதவரைக்கும் குறுகின வழிதான் வரும்."

அவன் அதை நம்பினானோ என்னவோ, தாளில் ஒரு சின்னப் பலகை கீறித் தானே ஒருமுறை எண்ணிப் பார்த்தான். அவள் குறுக்கிடவில்லை. பிறகு அவன் பூட்டு நிரலைக் காட்டினான். "இது நாலு பக்கம்தான் பார்க்குது. இதையும் எட்டாக்க வேணுமோ?"

அருந்ததி யோசித்தாள். இரு தோளும் திறந்திருந்தால்தான் சாய்வாகப் போகலாம் என்றால், சாய்வாகப் போய்ச்சேரும் எந்த இடத்துக்கும் நேராக இரண்டு அடியிலும் போய்ச்சேரலாம். சாய்வால் வழி குறுகும், புது இடம் ஒன்றும் திறக்காது. "தேவையில்லை. இனி ரெண்டும் ஒண்டைத்தான் சொல்லும்," என்றாள். என்றாலும் சொல்லோடு விடாமல், கண்டபடி கல் வைத்த ஆயிரம் பலகைகளை உருவாக்கி இரண்டு நிரலையும் ஓடவிட்டார்கள். பூட்டு விழுந்த பலகையில் ஒன்றில்கூட வழி வரவில்லை. பூட்டு விழாததில் ஒன்றில்கூட வழியில்லாமல் போகவில்லை.

பத்தரைக்குப் பாலன் வந்தார். அருந்ததி எழுந்து நின்றே எல்லாவற்றையும் சொன்னாள். மறுமொழி எழுதியது தான் என்பதையும் சொன்னாள். பாலன் நெற்றியைத் தடவினார்.

"சரி, பிழையைத் திருத்தியாச்சு. அறிவித்தலைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுவம்."

"ஏலாது, அண்ணை. போட்ட இடத்திலயே போட வேணும். கள்ளி எண்டு போட்டதை வாசிச்ச ஆக்கள் இதையும் வாசிக்க வேணும். என்ர பெயரைப் போட்டே எழுதுங்கோ."

"பரமலிங்கம் மாஸ்டருக்கு என்ன சொல்லுறது?"

"உண்மையை."

மாஸ்டர் தொலைபேசியில் இருபது நிமிடம் கத்தினார். பிறகு அடங்கி, திருத்திய ஆட்டத்தில் மறுபடி ஆடத் தான் தயார் என்றார். கிறேஸிடம் கேட்டபோது அவள் மாட்டேன் என்றாள். "இருந்த சட்டத்தில வெண்டனான். அது வெற்றி எண்டா வெற்றி எண்டு போடுங்கோ. இல்லையெண்டா உங்கட ஆட்டமே எனக்கு வேண்டாம்." பாலன் முணுமுணுத்தார். ஆனாலும் பிற்பகல் அறிவித்தல் வந்தது. கிறேஸ் கள்ளமாக ஆடவில்லை, பிழை ஆட்டத்தில் இருந்தது, அதை இரண்டு மாதத்துக்கு முன்பே சொன்னவரும் அவர்தான், இறுதி ஆட்டத்தின் முடிவு நிற்கிறது என்று. கீழே அருந்ததியின் பெயர் இருந்தது. முதல் ஒரு மணித்தியாலத்தில் வந்த கருத்துகளில் பாதி, இதுவும் ஒரு மழுப்பல், உள்ளே ஆள் வைத்திருக்கிறார்கள் என்றே சொன்னது. அவள் எல்லாவற்றையும் வாசித்தாள்.

கிறேஸுக்கு அவள் தனியாகவும் எழுதினாள். கிறேஸ் அதைப் பார்த்ததாகக் காட்டியது. மறுமொழி வரவில்லை.

ஐந்து மணிக்கு யோசெப் புறப்பட முன் தன் கணினியில் எதையோ மாற்றிக்கொண்டிருந்தான். கடவுச்சொல். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்தும் அவன் திரையைத் திருப்பவில்லை, விரல்களை மட்டும் மற்றக் கையால் மறைத்துக்கொண்டான்.

"நாளைக்குப் புது முறைப்பாடு ஏழு இருக்கு, அக்கா," என்றான் பையைத் தோளில் போட்டபடி. "நான் ஏத்துறன். மூடுறது எண்டா ரெண்டு பேரும் ஓடவிட்டுப் பார்த்துத்தான்."

"ஓம்," என்றாள் அருந்ததி.

அவன் படியிறங்கிப் போனான். கீழே டயர்க்கடையில் காற்றடிக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கியது. அவள் பட்டியலைத் திறந்து, தான் தனியாக மூடிய பழைய முறைப்பாடுகளைத் தேடினாள். முப்பத்தொன்று இருந்தன. முதலாவதை மறுபடி திறந்தாள்.